இ-சிம் உள்ள போனைப் பழுதுபார்க்கக் கொடுக்கும்போது எதை முதலில் கழற்றுவது?

கேள்வி: அண்ணா, நான் கொட்டகலைப் பக்கம். சாம்சங் போன் பாவிக்கிறேன். சார்ஜ் விட்டுவிட்டுத்தான் ஏறுகிறது. ஹட்டன் கடையில் காட்டினேன். போர்டில் பிரச்சினை, கொழும்புக்கு அனுப்ப வேண்டும், ஒரு வாரம் ஆகும் என்றார்கள். சிம்மைக் கழற்றி, கூகுள் அக்கவுண்டில் இருந்து வெளியேறிக் கொண்டுவரச் சொன்னார்கள். எனக்கு இரண்டு நம்பர். ஒன்று சாதாரண சிம், மற்றது இ-சிம். பேங்க் ஓடிபி வருவது இ-சிம் நம்பருக்கு. இ-சிம்மை எப்படிக் கழற்றுவது? எதை முதலில் செய்வது?

பதில்:

சிம்மைக் கடைசியில் கழற்றுங்கள். எல்லாரும் அதைத்தான் முதலில் செய்வார்கள். கடை வாசலிலேயே ஊசியைக் குத்தி சிம்மை எடுத்துப் பர்ஸில் போட்டுக்கொண்டு, அதற்குப் பிறகு அக்கவுண்டில் இருந்து வெளியேற உட்காருவார்கள். அப்போது சாம்சங் அக்கவுண்டின் பாஸ்வேர்ட் மறந்திருக்கும். "உங்கள் நம்பருக்கு ஒரு குறியீடு அனுப்பியிருக்கிறோம்" என்று திரை சொல்லும். நம்பரோ பர்ஸுக்குள் இருக்கும்.

இ-சிம்மைக் கையால் கழற்ற முடியாது. அது போர்டிலேயே பற்றவைத்த ஒரு சிறிய சில்லுக்குள் எழுதப்பட்டிருக்கும் தகவல். ஆகவே போர்டை மாற்றினால் இ-சிம்மும் பழைய போர்டோடு போய்விடும். உங்கள் போனைப் போர்டு வேலைக்குத்தான் அனுப்புகிறார்கள். திரை மாற்றுவது மட்டும் என்றால் இவ்வளவு நீட்டி எழுதியிருக்க மாட்டேன்.

முதலில் என் கதையைச் சொல்கிறேன். நான் தலவாக்கலையில் ஒரு சின்னக் கடையில் ஆறு வருடம் போன் வேலை பார்த்தவன். மற்றவர்களுக்குப் புத்தி சொல்லிவிட்டு என் சொந்த போனில் கோட்டை விட்டேன். தண்ணீர் பட்ட போன். எங்களிடம் அதற்கான கருவி இல்லாததால் வெளியூர்க் கடையொன்றுக்கு அனுப்பினேன். சாதாரண சிம்மை எடுத்துவிட்டேன். இ-சிம்தானே, அது பாட்டுக்கு உள்ளே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பத்து நாள் கழித்து போன் நன்றாக வேலை செய்தபடி திரும்பி வந்தது. இ-சிம் மட்டும் இல்லை. வாங்கும்போது கொடுத்த க்யூஆர் தாளைத் தேடி எடுத்து ஸ்கேன் பண்ணினால், ஏற்கனவே பாவித்த குறியீடு என்றது. சரி, கிளைக்குப் போய்ப் புதிதாக வாங்கலாம் என்று போனால் அந்த நம்பர் என் பெயரிலேயே இல்லை. ஆரம்பத்தில் பெரிய அண்ணனின் அடையாள அட்டையில் எடுத்தது. அண்ணன் அப்போது கத்தாரில். அவர் லீவில் வரும்வரை அந்த நம்பர் செத்த நம்பர்தான்.

போர்டை மாற்றிவிட்டார்கள் என்பதைக்கூட நானாகத்தான் கண்டுபிடித்தேன். போன் வந்த பெட்டியின் பக்கத்தில் ஒட்டியிருந்த, போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ நம்பரும் போனுக்குள் காட்டிய நம்பரும் வேறு வேறாக இருந்தன. கடையில் கேட்டபோது, "ஆமா, பழைய போர்டு சரிவராது, மாற்றினோம்" என்று சாதாரணமாகச் சொன்னார்கள்.

அதனால் நீங்கள் முதலில் எடுக்க வேண்டியது ஒரு கொப்பியும் பேனாவும். சார்ஜ் சரியாக ஏறாத போன் என்பதால், ஏறுகிற கோணத்தில் வயரைப் பிடித்துவைத்து பாதிக்கு மேல் ஏற்றிக்கொள்ளுங்கள். நடுவில் அணைந்துவிட்டால் பாதி வேலை அந்தரத்தில் நிற்கும். பிறகு அழைப்புத் திரையில் இதை அடியுங்கள்:

```
*#06#
```

அழைப்புப் பட்டனை அழுத்தவே தேவையில்லை, கடைசி எழுத்தை அடித்ததும் நம்பர்கள் தானாக வரும். இரண்டு சிம் போன் என்பதால் ஐஎம்இஐ இரண்டு இருக்கும், ஒவ்வொன்றும் 15 இலக்கம். இ-சிம் உள்ள போனில் இன்னொரு நீளமான நம்பரும் வரும். திரையில் `EID` என்று போட்டு 32 இலக்கம் இருக்கும், 89 என்று தொடங்கும். மூன்றையும் எழுதுங்கள். இந்த இஐடிதான் முக்கியமான சாட்சி. அது அந்த இ-சிம் சில்லுக்குத் தொழிற்சாலையிலேயே கொடுக்கப்பட்ட அடையாளம். போன் திரும்பி வந்ததும் இஐடி மாறியிருந்தால் போர்டு மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

திரையைப் படம் பிடித்து அதே போனில் வைத்துக்கொள்ளாதீர்கள். சிரிக்க வேண்டாம், நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். 32 இலக்கத்தையும் நான்கு நான்காகப் பிரித்துக் கொப்பியில் எழுதி, தங்கச்சியையோ தம்பியையோ வாசிக்கச் சொல்லி ஒருதடவை சரிபாருங்கள்.

அடுத்து `Settings`, `Connections`, `SIM manager` என்று போய் இ-சிம்மின் பெயரைத் தொட்டுப் பாருங்கள். எந்த நம்பர், எந்த நிறுவனம் என்று எழுதுங்கள். சிம்மின் தொடர் இலக்கமும் வேண்டும். `About phone` பகுதிக்குள் `Status information` என்ற இடத்தில் `ICCID` என்று இருக்கும். இலங்கைச் சிம் என்றால் 8994 என்று தொடங்கும். 89 என்பது தொலைத்தொடர்பு அட்டை என்பதற்கு, 94 நம் நாட்டு எண்.

கொப்பியில் கடைசியாக ஒரு வரி எழுத வேண்டும். அந்த நம்பர் யாருடைய அடையாள அட்டையில் இருக்கிறது? தோட்டப் பக்கத்தில் இது பெரிய சிக்கல். அப்பா பெயரில் எடுத்த சிம், பக்கத்து வீட்டு அக்கா கொழும்பில் வேலை செய்யும்போது எடுத்துக் கொடுத்த சிம் என்று எத்தனையோ. மாற்றுச் சிம் கேட்டுப் போனால் பதிவில் உள்ளவரைத்தான் அடையாள அட்டையோடு வரச் சொல்வார்கள். போனைக் கொடுத்த பிறகு இது தெரியவந்தால் என் கதைதான் உங்களுக்கும்.

இ-சிம் வாங்கியபோது கொடுத்த க்யூஆர் தாள் இருந்தால் பத்திரமாக வையுங்கள், ஆனால் அதை நம்பியிருக்காதீர்கள். அந்தக் கட்டத்துக்குள் இருப்பது `LPA:1$` என்று தொடங்கும் ஒரு வரி. அதில் எந்தச் சர்வரில் இருந்து இறக்குவது என்பதும் ஒரு ரகசியக் குறியீடும் இருக்கும். பெரும்பாலும் ஒருதடவை இறக்கியதும் அது செல்லாது. அதைக் கொமினிகேஷன் கடையில் கொடுத்து போட்டோ கொப்பி எடுக்க வேண்டாம், கடைக்காரர்களுக்கும் அனுப்ப வேண்டாம். இன்னும் பாவிக்காத குறியீடு என்றால், அதை ஸ்கேன் பண்ணுகிறவர் கைக்குத்தான் உங்கள் நம்பர் போகும்.

இப்போது உங்கள் முக்கியக் கேள்விக்கு வருகிறேன். இ-சிம்மை என்ன செய்வது? உங்களுக்கு ஓடிபி அந்த நம்பருக்குத்தான் வருகிறது. அதை அப்படியே விட்டு அனுப்பினால் உங்கள் பேங்க் குறியீடுகள் ஒரு வாரம் கொழும்பில் யாருடைய மேசையிலோ வந்து விழும். `SIM manager` திரையில் அணைத்துவைக்கலாம்தான். அணைப்பது வேறு, அழிப்பது வேறு, அதனால் இ-சிம் எங்கும் போகாது. ஆனால் போனைத் திறக்கத் தெரிந்தவருக்கு மறுபடி போட்டுவிட ஒரு விரல் போதும். அதோடு அந்த ஒரு வாரமும் உங்களுக்கும் ஓடிபி இல்லை.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், போனைக் கொடுப்பதற்கு முன் கம்பனிக் கிளைக்குப் போய் இ-சிம் நம்பரைச் சாதாரண சிம்மாக மாற்றிக்கொள்வேன். அடையாள அட்டை வேண்டும், சிறு கட்டணம் இருக்கலாம். புதுச் சிம் உயிர்பெற்றதும் போனுக்குள் இருக்கும் இ-சிம் வெறும் பெயராகத்தான் நிற்கும், சிக்னல் எடுக்காது. அதன் பிறகு போர்டு மாறினால் என்ன, மாறாவிட்டால் என்ன. போன் திரும்பி வந்ததும் விரும்பினால் மறுபடி இ-சிம்மாக்கலாம்.

கிளைக்குப் போக முடியாத நிலை என்றால் சிம்முக்கென்று ஒரு பின் நம்பர் போடலாம். `SIM card lock` என்று தேடினால் வரும், இ-சிம்முக்கும் போடலாம். போட்டால் போன் ஒவ்வொரு தடவை அணைந்து எழும்பும்போதும் பின் நம்பர் கேட்கும், கொடுக்கும்வரை அந்த நம்பர் இயங்காது. ஆனால் அதை இயக்குவதற்கே கம்பனி ஆரம்பத்தில் வைத்த பின் நம்பர் வேண்டும். அதை ஊகித்து அடிக்காதீர்கள். மூன்று தடவை பிழைத்தால் பூட்டிக்கொண்டு, பூட்டைத் திறக்கும் பியூகே குறியீட்டைக் கேட்கும், அதையும் பத்து தடவை பிழையாகக் கொடுத்தால் சிம் நிரந்தரமாகச் செத்துவிடும். வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்துக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

சரி, இனி அக்கவுண்ட். வெளியேறுவது சின்ன வேலை, சிரமமெல்லாம் திரும்ப நுழைவதில். கூகுள் அக்கவுண்டை அகற்றப் பெரும்பாலும் உங்கள் திரைப் பூட்டு மட்டும் கேட்கும், பாஸ்வேர்ட் கேட்காது. அதனால் பாஸ்வேர்ட் மறந்தவருக்குக்கூடச் சுலபமாக வெளியேறிவிட முடிகிறது. போன் திரும்பி வந்த பிறகுதான் கதவு அடைத்திருப்பது தெரியும்.

ஆகவே வெளியேறுவதற்கு முன் ஒரு சோதனை. வீட்டில் யாருடைய போனையாவது வாங்கி, க்ரோமில் `Incognito` ஜன்னலைத் திறந்து, உங்கள் கூகுள் அக்கவுண்டுக்குள் போய்ப் பாருங்கள். பாஸ்வேர்ட் சரியா? இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்கு என்ன கேட்கிறது? "உங்கள் போனில் ஆம் என்று அழுத்துங்கள்" என்று கேட்டால் கவனம், அந்த போன்தான் கொழும்புக்குப் போகப்போகிறது. அக்கவுண்ட் பாதுகாப்புப் பகுதியில் `Backup codes` என்று இருக்கும். எட்டு இலக்கத்தில் பத்துக் குறியீடுகள் தரும், ஒவ்வொன்றும் ஒருதடவைதான் செல்லும். அவற்றையும் அதே கொப்பியில் எழுதுங்கள். பாஸ்வேர்டை அதே பக்கத்தில் எழுதாதீர்கள்.

பாஸ்வேர்ட் மறந்து இப்போதுதான் புதிதாக மாற்றினீர்கள் என்றால் அன்றைக்கே போனை ரீசெட் பண்ணாமல் ஒரு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதே ஜன்னலில் `contacts.google.com` போய்ப் பெயர்களை எண்ணிப் பாருங்கள். போனில் 300 பேர் இருந்து அங்கே 40 பேர்தான் என்றால், மீதிப்பேர் போனிலோ சிம்மிலோ மட்டும் இருக்கிறார்கள். அக்கவுண்டை அகற்றுவதற்கு முன் அவர்களைக் கூகுளுக்கு நகர்த்துங்கள்.

படங்களும் வாட்ஸ்அப்பும் மேலே ஏற நேரம் பிடிக்கும். லயத்துக்குள் ஒரு கோடு சிக்னலில் உட்கார்ந்து 4 ஜிபி ஏற்றப் பார்ப்பது வீண். ரோட்டுக்கு மேலே ஏறியோ, டவுனில் வைஃபை உள்ள இடத்திலோ செய்யுங்கள். வாட்ஸ்அப்பின் `Chat backup` திரையில் கடைசி பேக்கப் நேரம் இன்றைய தேதியைக் காட்டும்வரை அக்கவுண்டைத் தொடாதீர்கள். அந்த பேக்கப் போய் உட்காருவதே உங்கள் கூகுள் அக்கவுண்டுக்குள்தான். பேக்கப்பைப் பூட்டிவைத்திருந்தால் அதன் பாஸ்வேர்டோ 64 எழுத்துச் சாவியோ இல்லாமல் பிறகு திறக்காது.

அந்த ஒரு வாரத்துக்குத் தங்கச்சி போனில் உங்கள் நம்பரை வைத்து வாட்ஸ்அப் திறக்க ஆசை வரும். திறக்கலாம். ஆனால் பழைய செய்திகளை மீட்டெடுக்காமல் வெறுமையாகத் தொடங்கி, அதிலும் உங்கள் கூகுள் அக்கவுண்டுக்கே பேக்கப் போட்டால், வெறும் பேக்கப் நல்ல பேக்கப்பின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். அங்கே பேக்கப்பை அணைத்துவையுங்கள்.

இவ்வளவும் ஆன பிறகு வெளியேறுவது ஐந்து நிமிட வேலை. முதலில் சாம்சங் அக்கவுண்ட், `Settings` மேலே உங்கள் பெயரைத் தொட்டு அடியில் `Sign out`. பிறகு `Accounts and backup`, `Manage accounts` போய்க் கூகுளை அகற்றுங்கள். இரண்டு ஜிமெயில் இருந்தால் இரண்டையும்.

கடைக்காரர் இதைக் கேட்பதில் தப்பெண்ணம் வேண்டாம். அக்கவுண்ட் உள்ளே இருக்கும்போது, பட்டன்களைப் பிடித்து வெளியில் இருந்து ரீசெட் பண்ணினால், போன் எழும்பியதும் பழைய கூகுள் அக்கவுண்டைக் கேட்டு நின்றுவிடும். திருட்டு போனுக்காக வைத்த பூட்டு அது. வேலை செய்பவருக்கு சார்ஜ் ஏறுகிறதா, கமரா வேலை செய்கிறதா என்று பார்க்கவே வழி இருக்காது.

சாம்சங்கில் `Maintenance mode` என்று ஒன்று இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். நல்ல வசதிதான். `Battery and device care` பகுதியில் இருக்கும், எல்லா மாடலிலும் வராது. போட்டால் உங்கள் படம், செய்தி, அக்கவுண்ட் எதுவும் தெரியாமல் வெறும் போனாகக் காட்டும், வெளியே வர உங்கள் பூட்டு வேண்டும். ஹட்டனிலேயே அரைமணியில் திரை மாற்றுவது என்றால் நான் அதைத்தான் போடுவேன், அக்கவுண்ட் எதையும் தொட மாட்டேன். போர்டு வேலைக்கு அது போதாது. படங்கள் இருக்கும் நினைவகமும் போர்டிலேயே இருப்பதால், போர்டு மாறினால் எதை மறைத்தீர்களோ அதுவே இருக்காது.

உங்கள் விஷயத்தில் பேக்கப் முழுதாக முடிந்திருந்தால் `Factory data reset` பண்ணியே கொடுத்துவிடுங்கள். சில போன்களில் இ-சிம்மையும் அழிக்கவா என்று அந்த இடத்தில் கேட்கும். நம்பரைச் சாதாரண சிம்மாக மாற்றிவிட்டீர்கள் என்றால் அழிக்கலாம். மாற்றவில்லை என்றால் அந்தக் கட்டத்தில் டிக் போடாதீர்கள். அழிப்பதால் இணைப்பு ரத்தாகாது, கட்டணம் தொடரும், ஆனால் திரும்ப இறக்கப் புதுக் குறியீட்டுக்காகக் கிளை ஏற வேண்டிவரும். ரீசெட் பண்ணாமல் கொடுப்பதாக இருந்தால், உங்கள் வழக்கமான பூட்டை மாற்றித் தற்காலிகமாக ஒரு பின் நம்பர் வைத்துக் கொடுங்கள். கடைக் கவரின் மேலே எல்லாரும் பார்க்கும்படி அதை எழுதுவார்கள், நானும் எழுதியிருக்கிறேன்.

கடைசியாகச் சிம். போனை அணைத்துவிட்டு, ட்ரேயின் கோட்டுக்குள் இருக்கும் ஓட்டையில் ஊசியை நேராக அழுத்துங்கள். பக்கத்தில் தனியாக இருக்கும் சின்ன ஓட்டை மைக், அதில் குத்தி மைக்கைக் கெடுத்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு. அதே ட்ரேயில் மெமரி கார்ட் இருந்தால் அதையும் எடுங்கள். வெறும் ட்ரேயைத் திரும்பப் போட்டே கொடுங்கள். பல ட்ரேக்களின் விளிம்பில் மெல்லிய ரப்பர் வளையம் இருக்கும், நம் பக்கத்து மழைக்கும் பனிக்கும் அது தேவை. தனியாகக் கழற்றிவைத்த ட்ரே பாதி நேரம் தொலைந்துதான் போகிறது.

எடுத்த சிம்மையும், இ-சிம் நம்பருக்குக் கிளையில் வாங்கிய புதுச் சிம்மையும் பழைய பட்டன் போனில் போடுவீர்கள். உங்களிடம் இருப்பது மிகச் சிறிய நானோ சிம், பட்டன் போனுக்குப் பிளாஸ்டிக் அடாப்டர் வேண்டும். சிம் இல்லாத வெறும் அடாப்டரை உள்ளே தள்ளாதீர்கள். வெளியே இழுக்கும்போது உள்ளே இருக்கும் கம்பிகள் ஓட்டையில் மாட்டிப் பிடுங்கிக்கொண்டு வரும். சிம்மை அடாப்டரில் வைத்து, பின்பக்கம் மெல்லிய டேப் ஒட்டிவிட்டுப் போடுங்கள். புதுச் சிம்மைப் போட்டதும் பேங்க்கில் இருந்து ஓடிபி ஒன்று வரவழைத்துப் பாருங்கள். அது வந்த பிறகு போனைக் கடையில் கொடுத்து, ரசீதில் ஐஎம்இஐ நம்பரை எழுதச் சொல்லுங்கள்.

போன் திரும்பி வந்த அன்று, காசு கொடுப்பதற்கு முன் மறுபடி `*#06#`. கொப்பியை விரித்து ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடுங்கள். எல்லாம் ஒன்றே என்றால் உங்கள் போர்டுதான். வேறு என்றால் மாற்றியதை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள், பழைய போர்டையும் கேட்டு வாங்குங்கள். புது ஐஎம்இஐ தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவானதா என்று அங்கேயே பார்க்கலாம். பட்டன் போனில் இருந்து, இடைவெளி விட்டு அந்த 15 இலக்கத்தையும் சேர்த்து, 1909க்கு இப்படி ஒரு எஸ்எம்எஸ்:

```
IMEI 123456789012345
```

பதிவில்லை என்று பதில் வந்தால் போனைக் கையில் வாங்காமலே பேசுங்கள்.